அளவு தவறிய மாடல் ஃபைல்: வாடிக்கையாளருக்குத் திருத்தக் குறிப்பு எழுதும் விதம்

பெங்களூரு பீன்யாவில் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன், கோயம்புத்தூர்க்காரர். அவருடைய பழைய இயந்திரம் ஒன்றில் பெல்ட் பெட்டியின் பக்க மூடி உடைந்துவிட்டது. புதிது எங்கும் கிடைக்கவில்லை. உடைந்த துண்டுகளை ராஜாஜிநகரில் எங்கள் மேஜைக்குக் கொண்டுவந்து கொட்டினார். அளந்து, வரைந்து, அவர் 3D பிரிண்ட் எடுத்துக்கொள்ள ஒரு செவ்வாய்க்கிழமை STL ஃபைலை அனுப்பினேன். நீளம் 120 மிமீ, அகலம் 60, உள்பக்க உதட்டோடு சேர்த்து உயரம் 8. எம்6 போல்ட்டுக்கு 6.6 மிமீ துளை இரண்டு, நடுவுக்கு நடு 100 மிமீ. சனிக்கிழமை போன் வந்தது.

"தம்பி, மூடி உட்கார மாட்டேங்குது. ஒரு போல்ட் போட்டா இன்னொண்ணு போக மாட்டேங்குது."

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் இந்த மாதிரி ஒரு போனை எப்படியும் ஒரு நாள் எடுப்பார்கள். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை, நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். நான் இடறிய இடங்களும் இதில் வரும்.

முதலில் எண்ணைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் எழுதுங்கள்

போனை வைத்ததும் கை தானாக "மன்னிக்கவும், புது ஃபைல் அனுப்புகிறேன்" என்று தட்டச்சு செய்யப் போகும். நிறுத்துங்கள். என்ன தவறு, எத்தனை மடங்கு தவறு என்று தெரியாமல் அனுப்பும் புது ஃபைல் இரண்டாவது தவறாக முடியலாம். அவருடைய கையில் இருக்கும் பொருளை அளக்கச் சொல்வதுதான் முதல் வேலை.

எதை அளக்கச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். பொருளின் மிக நீளமான பக்கத்தைக் கேளுங்கள், ஏனென்றால் சிறிய பிழைகூட அங்கேதான் பெரிதாகத் தெரியும். உயரத்தை நம்ப வேண்டாம். 0.2 மிமீ அடுக்குகளாகப் பிரிண்ட் எடுக்கும்போது உயரம் அந்த 0.2-இன் மடங்காகத்தான் வந்து நிற்கும். முதல் அடுக்கு தட்டில் அழுந்தியிருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்க ஒரு எளிய வழி உண்டு. பிரிண்ட் எடுத்த துளை வரைந்த விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாகத்தான் வரும், அதனால் விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவோம். வெர்னியரின் உள்தாடைகளை இரண்டு துளைகளுக்குள்ளும் விட்டு, தூரத்துச் சுவர்களுக்கு இடையே ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு வெளித்தாடைகளால் இரண்டு துளைகளுக்கும் நடுவில் உள்ள பிளாஸ்டிக்கை ஒரு அளவு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடுவுக்கு நடு தூரம் வந்துவிடும், துளை என்ன விட்டமாக இருந்தாலும் சரி. அண்ணன் சொன்ன எண்கள் 104.7, 92.1. கூட்டி வகுத்தால் 98.4. மூடியின் நீளம் 118.1.

இனி வகுத்தல் கணக்குத்தான். 118.1-ஐ 120-ஆல் வகுத்தால் 0.984. 98.4-ஐ 100-ஆல் வகுத்தாலும் 0.984. இரண்டு விகிதமும் ஒன்றாக இருக்கிறது, அப்படியானால் நீளவாக்கில் மூடி முழுவதுமே ஒரே அளவில் சுருங்கியிருக்கிறது. ஒரு அளவு மட்டும் வேறாக இருந்திருந்தால் அது ஸ்கேல் பிழையே இல்லை. நான் வரைந்ததில் பிழை, அல்லது அவர்கள் பிரிண்டரில் ஒரு அச்சு சரியாக ஓடவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட பிழைக்கு ஸ்கேலைத் திருத்திப் புது ஃபைல் அனுப்பினால் சரியாக இருந்த அளவுகளும் கெட்டுப்போகும்.

ஆனால் 0.984 என்னைக் குழப்பியது. ஸ்கேல் பிழைகள் பெரும்பாலும் கூச்சல் போடுகிற எண்ணாக வரும். அங்குலமும் மில்லிமீட்டரும் குழம்பினால் 25.4 மடங்கு, சென்டிமீட்டர் என்றால் 10 மடங்கு, மீட்டர் என்றால் 1000 மடங்கு. பார்த்த உடனே தெரியும். ஒன்றரை சதவீதம் என்பது எதிலும் சேராத எண். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கியிருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பிஎல்ஏ பிளாஸ்டிக் அவ்வளவு சுருங்காது. பழியை பிரிண்டர் மேல் போட மனசு ஆசைப்பட்டது, வேறொன்றும் இல்லை.

என் பக்கத்து ஃபைலைத் திறந்து பார்த்தேன். அனுப்பிய அதே ஃபைலை, அனுப்பிய இடத்திலிருந்தே தரவிறக்கம் செய்து திறக்க வேண்டும். நம் கணினியில் அதே பெயரில் இருக்கும் ஃபைலை அதற்குப் பிறகு ஒருமுறை மாற்றிச் சேமித்திருப்போம். நீளம் 4.724 என்று காட்டியது.

120-ஐ 25.4-ஆல் வகுத்தால் 4.724. தவறு என்னுடையதுதான். அதற்கு முன்பு ஒரு அங்குல வேலை செய்திருந்தேன். ஏற்றுமதி செய்யும் பெட்டியில் அலகு அங்குலத்திலேயே நின்றிருந்தது, நான் பார்க்காமல் சரி என்று அழுத்தியிருக்கிறேன்.

அப்படியானால் 4.7 மிமீ மூடி எப்படி 118 ஆனது? பிரிண்ட் எடுத்த பையனிடம் கேட்டதும் விடை வந்தது. "ரொம்பச் சின்னதா இருந்துச்சு, இன்ச்சா இருக்கும்னு 2500 பர்சன்ட் வெச்சேன் சார்." ஒரு அங்குலம் 25.4 மிமீ. 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சேர்ந்து முடிவு செய்த, மிச்சமே இல்லாத எண் அது. பையன் மனக்கணக்கில் 25 என்று வைத்துக்கொண்டான். 25-ஐ 25.4-ஆல் வகுத்தால் 0.984. அவனைக் குறை சொல்ல முடியாது, என் தவறை அவன் முக்கால்வாசி திருத்தியிருக்கிறான்.

மிச்சக் கால்வாசிதான் போல்ட்டைத் தடுத்தது. 6.6 மிமீ துளையில் 6 மிமீ போல்ட்டுக்கு இருக்கும் ஆட்டம் 0.6 மிமீ. துளைகளின் நடுத்தூரம் கிட்டத்தட்ட அந்த 0.6 வரை பிசகினால் தள்ளிக்கொடுத்து மாட்டிவிடலாம். பிசகியதோ 1.6. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கையில் பிடித்தாலும் சரியாகத் தெரியும், பொருத்தும்போதுதான் தெரியவரும். மூடி 4.7 மிமீ ஆகவே பிரிண்ட் ஆகியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு அன்றைக்கே போன் செய்திருப்பார்கள்.

STL-இல் அலகு என்பதே கிடையாது

இதைப் புரிந்துகொள்ளாமல் வாடிக்கையாளருக்கு விளக்கம் எழுத முடியாது. 1987-இல் ஸ்டீரியோலித்தோகிராஃபி இயந்திரங்களுக்காக வந்த வடிவம் STL. அதற்குள்ளே முக்கோணங்களின் முனைப்புள்ளிகள் வெறும் எண்களாக இருக்கும். 120 என்று எழுதியிருந்தால் அது 120 என்னவென்று ஃபைலுக்கே தெரியாது. மாடலைப் பிரிண்டருக்காக அடுக்குகளாக வெட்டிக் கொடுக்கும் ஸ்லைசர் மென்பொருள்கள் அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்கின்றன. சில ஸ்லைசர்கள் பொருள் மிகச் சிறியதாக இருந்தால் "இது அங்குலமா?" என்று கேட்கும், சில கேட்காது. கேட்கும் மென்பொருளில் ஆமாம் என்று அழுத்தியிருந்தால் அதே தவறான ஃபைலிலிருந்து மிகச் சரியான மூடி வந்திருக்கும். ஆக ஒரே ஃபைல் மூன்று பேர் கையில் மூன்று அளவில் பிறக்கலாம். அதனால்தான் "ஃபைலில் தவறு" என்று மட்டும் சொன்னால் போதாது. அதை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும்.

ஃபைலைத் திருத்துவது

தவறான STL-ஐ 25.4 மடங்கு பெருக்கியும் அனுப்பலாம், கணக்குப்படி சரியாகவே இருக்கும். நான் அப்படிச் செய்வதில்லை. மூல CAD ஃபைலைத் திறந்து, அலகை மில்லிமீட்டருக்கு மாற்றி, புதிதாக ஏற்றுமதி செய்வேன். பெருக்கிய ஃபைல் எங்கிருந்து வந்தது என்று ஆறு மாதம் கழித்து எனக்கே நினைவிருக்காது. மூலத்திலிருந்து எடுத்ததற்கு அந்தச் சந்தேகம் இல்லை.

STL-ஓடு கூடவே 3MF வடிவத்திலும் ஒன்று எடுத்து வையுங்கள். 3MF ஃபைலுக்குள் அலகு எழுதப்பட்டிருக்கும். பெயரை `.zip` என்று மாற்றி விரித்து, உள்ளே `3D` அடைவில் உள்ள மாடல் ஃபைலைத் திறந்தால் `unit="millimeter"` என்ற சொல்லைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிரிண்ட் எடுப்பவரின் ஸ்லைசர் 3MF-ஐத் திறக்கும் என்றால் அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். திறக்காது என்று சொல்பவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக STL இருக்கட்டும்.

பிறகு சரிபார்ப்பு. வரைந்த மென்பொருளிலேயே திறந்து பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது, அது நாம் வைத்த அலகை நினைவில் வைத்து நம்மிடமே திருப்பிச் சொல்லும். வேறு ஒரு மென்பொருளில் திறக்க வேண்டும். ஏதாவது ஒரு ஸ்லைசரில் இழுத்துப் போட்டு அளவைப் பார்த்தாலே போதும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு மூன்று வரி:

```python
import trimesh
m = trimesh.load("moodi_R2_mm_120x60x8.stl")
print(m.extents)
```

120, 60, 8 என்று மூன்று எண் வந்தால் சரி. இதையே முதலில் அனுப்பிய R1 ஃபைலுக்கும் ஓட்டிப் பார்த்து, 4.724, 2.362, 0.315 என்று வந்ததையும் குறித்துக்கொண்டேன். அந்தத் தவறான எண்களும் குறிப்பில் தேவைப்படும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேலே ஃபைல் பெயரைப் பார்த்திருப்பீர்கள். பதிப்பு எண், அலகு, மூன்று அளவு எல்லாம் பெயரிலேயே இருக்கிறது. பழைய பெயரிலேயே புது ஃபைலை அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அவர்கள் கணினியில் அது `moodi(1).stl` என்று இறங்கும். எது புதியது என்று யாருக்கும் தெரியாது, பாதி நேரம் பழையதுதான் பிரிண்டருக்குப் போகும். "final", "new", "correct" என்ற பெயர்களும் அதே ரகம்தான்.

குறிப்பு

நான் முதலில் எழுதி, அனுப்பாமல் அழித்த குறிப்பு இது: "வணக்கம் அண்ணா, சிரமத்திற்கு மன்னிக்கவும். முன்பு அனுப்பிய ஃபைலில் ஒரு சிறிய அளவுப் பிரச்சினை இருந்தது. சரிசெய்யப்பட்ட ஃபைலை இணைத்துள்ளேன். சரிபார்த்துக்கொள்ளவும்."

மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு அண்ணன் என்ன செய்வார்? ஃபைலைப் பையனுக்குத் தள்ளிவிடுவார். பையன் போன தடவை 2500 வைத்தோமே என்று இந்தத் தடவையும் 2500 வைப்பான். 120 மிமீ மூடி மூன்று மீட்டர் ஆகும். அது பிரிண்டரில் அடங்காது, அதனால் பிழைத்தோம். ஆனால் பொருள் சின்ன பொத்தான் போன்றதாகவும், குழப்பம் 10 மடங்காகவும் இருந்திருந்தால் பிரிண்டர் வாய் திறக்காமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கும். இன்னொரு விபரீதமும் நடக்கலாம். போன தடவை 1.6 சதவீதம் குறைந்தது என்று கேள்விப்பட்டவர், புது ஃபைலிலும் 101.6 வைத்துப் பார்ப்போம் என்று வைப்பார். திருத்தத்தின் மேல் திருத்தம். ஸ்கேல் பிழைக்கு அனுப்பும் குறிப்பில் நான் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான்.

கடைசியில் அனுப்பியது இது:

> பொருள்: பக்க மூடி – R1 ஃபைலைப் பிரிண்ட் போட வேண்டாம், R2 இணைப்பில் உள்ளது
>
> வணக்கம் அண்ணா,
>
> செவ்வாய்க்கிழமை நான் அனுப்பிய moodi_R1.stl ஃபைலை இனி பிரிண்ட் போட வேண்டாம். அதில் அளவு தவறு. தவறு என்னுடையது: ஏற்றுமதி செய்யும்போது மில்லிமீட்டருக்குப் பதில் அங்குலம் என்று விட்டுவிட்டேன்.
>
> அதனால் அந்த ஃபைலைத் திறந்தால் நீளம் 4.72 என்று காட்டும். உங்கள் பிரிண்டிங் தம்பி அதைக் கவனித்து 2500% பெரிதாக்கியிருக்கிறார். சரியான எண் 2540%. அந்த வித்தியாசத்தில்தான் துளைகளின் நடுத்தூரம் 100-க்குப் பதில் 98.4 ஆகி, இரண்டாவது போல்ட் போகவில்லை. உங்கள் இயந்திரத்திலோ, பிரிண்டரிலோ குறை எதுவும் இல்லை.
>
> இப்போது இணைத்திருப்பவை:
> moodi_R2_mm_120x60x8.3mf
> moodi_R2_mm_120x60x8.stl
> இரண்டும் ஒரே மூடிதான். 3MF திறந்தால் அதையே பயன்படுத்துங்கள்.
>
> முக்கியம்: R2-வை 100%-லேயே பிரிண்ட் போட வேண்டும். எதையும் பெரிதாக்க வேண்டாம். திறந்ததும் 120 × 60 × 8 என்று காட்ட வேண்டும். வேறு எண் காட்டினால் பிரிண்ட் போடாமல் எனக்குப் போன் செய்யுங்கள்.
>
> வடிவத்தில் எதையும் மாற்றவில்லை. துளை, உதடு, வளைவு எல்லாம் R1-இல் இருந்ததுதான், அளவு மட்டும் திருத்தம்.
>
> ஏற்கெனவே பிரிண்ட் போட்ட மூடி வீணானதற்கு, மறு பிரிண்ட் செலவை என் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். அந்த மூடியைத் துளையை அகலமாக்கி மாட்ட வேண்டாம், உதடும் சிறியதாகத்தான் இருக்கிறது, பெட்டிக்குள் சரியாக உட்காராது.
>
> R1-ஐ வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் சொல்லுங்கள், அவர்களுக்கும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏன் இந்த வரிசை

பொருள் வரியிலேயே "பிரிண்ட் போட வேண்டாம்" என்று வருவதற்குக் காரணம், பலர் அந்த ஒரு வரியைத்தான் படிப்பார்கள். "திருத்தப்பட்ட ஃபைல்" என்று பொருள் எழுதினால் அவசரம் தெரியாது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள், அதற்குள் ஞாயிற்றுக்கிழமை பிரிண்டர் சும்மா இருக்கிறதே என்று இன்னொரு மூடி ஓடும்.

தவறை ஒரே வரியில் ஒத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். நீண்ட மன்னிப்பு படிப்பவருக்கு வேலைதான் கூட்டும். ஆனால் காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். "அளவுப் பிரச்சினை" என்றால் வரைபடத்திலேயே கோளாறு என்று நினைத்து எல்லா அளவுகளையும் சந்தேகப்படுவார், உடைந்த துண்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி அளக்க வருவார். அலகு மாறிவிட்டது என்றால் பட்டறைக்காரருக்கு உடனே புரியும். அங்குலமும் மில்லியும் கலந்து அடித்த கூத்துகள் அவரிடம் நம்மைவிட அதிகம் இருக்கும்.

பையனின் 2500-ஐ எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் கணக்கு இடிக்கும். 4.72 எப்படி 118 ஆனது என்று அண்ணன் கேட்பார், எனக்கும் பதில் இருக்காது. எழுதினால் பையன் தலை உருளும். அதனால் "கவனித்துப் பெரிதாக்கியிருக்கிறார்" என்று எழுதினேன், உண்மையும் அதுதான். பழி என்னுடைய வரியில் முன்னாலேயே வந்துவிட்டதால் இந்த வரி வெறும் கணக்காக நிற்கிறது. வரிசையை மாற்றிப் படித்துப் பாருங்கள், அவனைக் காட்டிக் கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

தவறான 4.72 எதற்கு? இரண்டு ஃபைலும் ஒரே கணினியில் கிடக்கும்போது பழையது எது என்று கண்டுபிடிக்க அதுதான் அடையாளம். பெயர் மாறலாம், தேதி மாறலாம், திறந்ததும் 4.72 காட்டினால் அது R1.

"வடிவத்தில் எதையும் மாற்றவில்லை" என்ற வரியைப் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். திருத்த வந்த சாக்கில் ஒரு ஓரத்தை மழுக்கலாம், துளையை 6.8 ஆக்கலாம் என்று கை ஊறும். செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் அதை R3 என்று தனியாக அனுப்புங்கள். இரண்டு மாற்றம் ஒன்றாகப் போனால், மறுபடி பொருந்தாதபோது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீணான மூடியைப் பற்றிய வரி பட்டறைகளைத் தெரிந்ததால் வந்தது. பொருந்தாத துளையைப் பட்டறைக்காரர் தூக்கிப் போட மாட்டார், உருண்டை அரம் எடுத்து ராவுவார். துளை வழிக்கு வந்துவிடும், ஆனால் உதடு ஒன்றரை சதவீதம் சிறியதாகவே இருக்கும். மூடி ஆடிக்கொண்டே ஓடும், பெல்ட் பக்கத்தில் அது வேண்டாம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. என் தவறுக்கு மறு பிரிண்ட் செலவு என்னுடையது, அதைக் கேட்கும் முன் சொல்லிவிடுவேன். இயந்திரம் நின்ற நாள்களுக்கு நஷ்ட ஈடு என்று நானாக எழுத மாட்டேன். அது பெரிய வேலைகளில் வேறு பேச்சு. அங்கே குறிப்பு அனுப்புவதற்கு முன்னால் முதலாளியிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

அனுப்பிய பிறகு

பழைய ஃபைல் ஏதாவது பகிர்வு அடைவில் இருந்தால் அதை அங்கிருந்து எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு நம் பக்கத்தில் `old_wrong_scale` என்ற அடைவில் போட்டு வையுங்கள், முற்றிலும் அழிக்க வேண்டாம். நாளைக்கு யாராவது "நீங்கள் அனுப்பியது இதுதானே" என்று ஒரு ஃபைலைக் காட்டினால் ஒப்பிட வேண்டியிருக்கும். இணைப்பாக அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், நாள் கடந்த பிறகு எல்லோருக்குமாக அழிக்க விடாது. அழிக்க முடிந்தாலும் அவர்கள் தரவிறக்கம் செய்து வைத்தது அவர்களிடமேதான் இருக்கும். அதனால் குறிப்பை அதே வாட்ஸ்அப் உரையாடலில், அந்தப் பழைய ஃபைலுக்கே ரிப்ளை போட்டு அனுப்புவேன். பழைய ஃபைலைத் தேடி மேலே போகிறவர் கண்ணில் குறிப்பும் படும்.

இவ்வளவும் செய்தேன். மெயில் போயிற்று, அண்ணன் "சரி தம்பி, பரவாயில்லை, ஞாயித்துக்கிழமை ஆளைக் கூப்பிட்டுப் போடச் சொல்றேன்" என்றார். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். பிரிண்டிங் பையன்.

"சார், இந்தப் புது ஃபைலுக்கு எத்தனை பர்சன்ட் வைக்கணும்?"

அண்ணன் அவனுக்கு ஃபைலை மட்டும் அனுப்பியிருக்கிறார். குறிப்பு அவனுக்குப் போகவே இல்லை. போயிருந்தாலும் பயனில்லை, அவன் வீட்டில் கன்னடம். தமிழ் பேசுவான், ஆனால் படிக்கத் தெரியாது. நல்ல பையனாக இருந்ததால் கேட்டான். கேட்காமல் வைத்திருந்தால் நான் எழுதிய பதினைந்து வரியும் அண்ணனின் மெயில் பெட்டியிலேயே உட்கார்ந்திருக்கும்.

இந்த ஊரில் நாம் எழுதும் குறிப்பு அநேகமாக மூன்றாவது ஆளுக்குத்தான் தேவைப்படும், அந்த ஆளுக்கு எந்த மொழி வாசிக்க வரும் என்று நமக்குத் தெரியாது. அன்றிலிருந்து குறிப்போடு கூடவே, அப்படியே தள்ளிவிடுவதற்கென்று இரண்டாவது செய்தி ஒன்று அனுப்புகிறேன். அதில் வாக்கியமே இருக்காது. ஸ்லைசரில் R2-வைத் திறந்து, 120 × 60 × 8 என்ற அளவும் 100% என்பதும் தெரியும்படி ஒரு திரைப்பிடிப்பு. அதன் கீழே:

```
R1  4.72            X
R2  120 x 60 x 8    100%   OK
```

ஃபைல் பெயரையும் கொஞ்சம் நீட்டிவிட்டேன். இப்போது என் ஃபைல்கள் `moodi_R2_mm_120x60x8_100pct.stl` என்றுதான் போகின்றன. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பக்கத்து மேஜைக்காரர் சொல்கிறார். இருக்கட்டும், தனியாகப் போய்ச் சேர்ந்தாலும் தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் பெயர் அது.

பையனுக்குப் போனில் "நூறு, எதையும் தொடாதே, திறந்ததும் என்ன காட்டுது சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் மௌஸ் சத்தம். "நூத்தி இருபது, அறுபது, எட்டு சார்." மாலையில் அண்ணன் வெர்னியர் படம் அனுப்பினார். நீளம் 119.8, துளை நடுத்தூரம் கணக்குப் போட்டால் 99.9. இரண்டு போல்ட்டும் போயிருந்தது.